அந்தப் பன்னிரண்டு நிமிடம்: ஒரு நர்ஸ் எழுதிய குறிப்பும் நாம் கற்ற பாடமும்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், அறுபத்தைந்து வயது, வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். ஹீமோகுளோபின் 6.4 தான் இருந்தது. இரண்டு பை இரத்தம் ஏற்றச் சொன்னார்கள். நம் குழுவிலிருந்து இரண்டு பிள்ளைகள் போய் இரத்தம் கொடுத்து வந்தார்கள். முதல் பை நல்லபடியாக ஏறியது. இரண்டாவது பையை மறுநாள் இரவு போட்டபோது பாதியில், பாதி கூட இல்லை, நர்ஸ் நிறுத்திவிட்டார். மீதி இரத்தத்தைத் திரும்பப் போடவே இல்லை.

மகன் நம்மிடம் வந்து சொன்ன வார்த்தை இது: "நாலு பேருக்குப் போன் போட்டு வாங்குன ரத்தம். அத்தாவுக்குக் கொஞ்சம் குளிருதுன்னு சொன்னதுக்கு, அந்த சிஸ்டர் பையையே கழற்றிட்டாங்க. நீங்க வந்து கேளுங்க."

அதே வாரத்தில் இன்னொரு பேச்சும் ஊரில் பரவியது. இரண்டாவதாக இரத்தம் கொடுத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அவன் இரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை நம்மிடம் வந்து, "இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டான்.

ஆகவே நாங்கள் இரண்டு பேர், பெரியவரின் மகனையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். சண்டை போடத்தான் போனோம் என்று ஒப்புக்கொள்கிறோம். அங்கே மருத்துவர், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அன்று இரவு அந்த நர்ஸ் எழுதிய குறிப்பை எடுத்து வரிவரியாகப் படித்துக் காட்டினார். ஒரு பக்கம் கூட இல்லை. அதைக் கேட்டு முடித்தபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் குறிப்பில் என்ன இருந்தது, ஏன் அப்படி எழுதப்பட்டிருந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், பை தொடங்குவதற்கு முன் எழுதியது. இரவு 10.20 மணி. உடல் வெப்பம் 98.4. நாடி நிமிடத்துக்கு 92. இரத்த அழுத்தம் 110க்கு 70. மூச்சு நிமிடத்துக்கு 18. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு 98. அதன் கீழே, பையின் எண், இரத்தப் பிரிவு, காலாவதித் தேதி, நோயாளியின் பெயர், ஐ.பி. எண் ஆகியவற்றை இரண்டு நர்ஸ்கள் கட்டிலருகே நின்று ஒப்பிட்டுப் பார்த்ததாக இரண்டு கையெழுத்துகள்.

பெயரோடு ஏன் எண்ணையும் பார்க்கிறார்கள் என்று மகன் கேட்டார். மருத்துவர் சிரித்தார். "உங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் இந்த வார்டில் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு ஒரே பெயர்" என்றார். உண்மைதான். நம் வீடுகளில் ஒரே தெருவில் மூன்று அப்துல் காதர், நாலு பாத்திமா பீவி இருப்பார்கள். மாற்றுப் பிரிவு இரத்தம் ஏறிவிடும் விபத்துகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தின் பிழையால் நடப்பதில்லை. பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது குப்பியில் வேறொருவர் பெயர் ஒட்டப்படுவதாலும், வேறொருவர் பை இந்தக் கட்டிலுக்கு வந்துவிடுவதாலும்தான் நடக்கின்றன. ஆகவே நர்ஸ் வந்து "உங்க பேர் என்ன?" என்று மறுபடி மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரே தன் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லட்டும். "ஆமாம், அவர்தான்" என்று நாம் தலையாட்டுவது போதாது.

அடுத்த வரி: இரவு 10.40, இரத்தம் மெதுவாகத் தொடங்கப்பட்டது. 10.55, முதல் பதினைந்து நிமிட அளவுகள்: வெப்பம் 98.6, நாடி 90, அழுத்தம் 112க்கு 70. சிரமம் எதுவும் இல்லை. வேகம் கூட்டப்பட்டது.

முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, நர்ஸ் அருகில் இருந்து பார்ப்பது வழக்கம். மிக ஆபத்தான எதிர்விளைவுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தலைகாட்டும். ஆனால் எல்லாம் அப்போதே வந்துவிடும் என்பதில்லை. இந்தப் பெரியவருக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது அந்தக் குறிப்பின் நடுப்பகுதி. அதைத் தமிழில் அப்படியே சொல்கிறோம்:

"இரவு 11.37. நோயாளிக்கு நடுக்கம் என்று மகன் வந்து சொன்னார். நடுக்கம் சுமார் 11.25க்குத் தொடங்கியதாகவும், போர்வை போர்த்தியதாகவும் சொல்கிறார். 11.38. இரத்தம் நிறுத்தப்பட்டது. சுமார் 100 மில்லி ஏறியுள்ளது. டியூப் மாற்றப்பட்டு, புது டியூபில் நார்மல் சலைன் தொடங்கப்பட்டது. 11.40. வெப்பம் 101.2, நாடி 118, அழுத்தம் 126க்கு 80, மூச்சு 24, ஆக்சிஜன் 96. குளிர், நடுக்கம், தலைவலி இருப்பதாகச் சொல்கிறார். இடுப்புவலி, நெஞ்சுவலி இல்லை என்கிறார். உடலில் தடிப்பு இல்லை. ஊசி போட்ட இடத்தில் எரிச்சல் இல்லை. பையின் எண்ணும் நோயாளியின் எண்ணும் மறுபடி சரிபார்க்கப்பட்டன, பொருந்துகின்றன. 11.42. டியூட்டி டாக்டருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது. 11.50. டாக்டர் வந்து பார்த்தார். 11.55. இரத்த வங்கிக்குத் தெரிவிக்கப்பட்டது."

சகோதரர்களே, இதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டோம்.

முதலில் நிறுத்தினார், பிறகுதான் அளவுகளைப் பார்த்தார், அதன் பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வரும்வரை இரத்தம் ஓடட்டும் என்று விடவில்லை. ஏனென்றால் குளிரும் காய்ச்சலும் மட்டும் இருக்கும்போது, அது சாதாரணக் காய்ச்சலா, மாற்றுப் பிரிவு இரத்தம் ஏறியதன் தொடக்கமா, பையில் கிருமி கலந்ததா என்பதைக் கட்டிலருகே நின்றபடி யாராலும் சொல்ல முடியாது. மூன்றும் முதலில் ஒரே மாதிரிதான் தோன்றும். மாற்றுப் பிரிவு என்றால் சில மில்லி லிட்டரே சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கிவிடும், எவ்வளவு அதிகம் ஏறுகிறதோ அவ்வளவு ஆபத்து அதிகம். ஆகவே மிக மோசமானதுதான் என்று வைத்துக்கொண்டு நிறுத்துவதே முறை. நிறுத்தியது தேவையில்லாமல் போனால் ஒரு பை இரத்தம் போகும். நிறுத்தாமல் விட்டது தவறாகிப் போனால் ஆளே போய்விடுவார்.

டியூபை ஏன் மாற்றினார்? பையை மூடினாலும், பழைய டியூப் நிறைய அதே இரத்தம்தான் இருக்கிறது. அதிலேயே சலைனை ஓட்டினால் அந்த இரத்தமும் உள்ளே போய்விடும். ஆனால் நரம்பில் குத்திய ஊசியை எடுக்கவில்லை. அழுத்தம் திடீரென்று இறங்கினால் மருந்து போட அந்த வழி வேண்டும்.

"இடுப்புவலி இல்லை, தடிப்பு இல்லை" என்று இல்லாததையெல்லாம் ஏன் எழுத வேண்டும்? வேகமாக வரும் டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி. இடுப்புவலி, ஊசி இடத்தில் எரிச்சல், சிவந்த சிறுநீர் இருந்தால் இரத்த அணுக்கள் உடைகின்றன என்று சந்தேகிப்பார். அரிப்பும் தடிப்பும் இருந்தால் ஒவ்வாமை. படுக்க முடியாமல் மூச்சு முட்டினால், வயதானவரின் இதயம் தாங்காத அளவுக்கு நீர் ஏறிவிட்டதோ என்று பார்ப்பார். "இல்லை" என்று எழுதியிருந்தால், அது கேட்டுப் பார்க்கப்பட்டது என்று பொருள். எழுதாமல் விட்டிருந்தால், கேட்டார்களா இல்லையா என்றே தெரியாது.

டாக்டருக்குச் சொன்ன நேரமும் டாக்டர் வந்த நேரமும் ஏன் தனித்தனி? இரண்டுக்கும் நடுவில் நோயாளி யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தார் என்பது தெரிய வேண்டும். தாமதம் ஏற்பட்டால் அது எங்கே ஏற்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தோம். குறிப்பில் எந்த இடத்திலும் "இரத்தம் சரியில்லை" என்றோ, "தவறு நடந்தது" என்றோ எழுதவில்லை. பார்த்தது, அளந்தது, நோயாளி சொன்னது, செய்தது, நேரம். அவ்வளவுதான். காரணத்தைச் சொல்வது ஆய்வுக்கூடத்தின் வேலை. நர்ஸ் ஊகத்தை எழுதியிருந்தால், நம் பிள்ளையின் மேல் விழுந்த பழி மருத்துவமனைத் தாளிலேயே ஏறியிருக்கும்.

இனி, எங்களைத் தலைகுனிய வைத்த வரிக்கு வருகிறோம். நடுக்கம் தொடங்கியது 11.25க்கு. நர்ஸுக்குத் தெரிந்தது 11.37க்கு. நடுவில் பன்னிரண்டு நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நம்முடையது. ஏசி குளிர் என்று நினைத்துப் போர்வை போர்த்தினார்கள். "இப்பச் சொன்னா நிறுத்திடுவாங்க, இரத்தம் வீணாப் போயிடும், கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று மருமகள் சொல்ல, மகனும் சரி என்றிருக்கிறார். மகனே இதை எங்கள் முன்னால் சொல்லி அழுதார். அந்த நேரத்தில் சுமார் 25 மில்லி கூடுதலாக ஏறியிருக்கும் என்று மருத்துவர் கணக்குச் சொன்னார். இந்த முறை அதனால் ஒன்றும் ஆகவில்லை. மாற்றுப் பிரிவாக இருந்திருந்தால் அந்த 25 மில்லிக்கு விலை வேறாக இருந்திருக்கும்.

நர்ஸ் அந்த நேரத்தை எழுதியது நம்மேல் குற்றம் சாட்டுவதற்காக இல்லை. நடுக்கம் எப்போது தொடங்கியது என்று தெரிந்தால்தான், எவ்வளவு இரத்தம் ஏறிய பிறகு வந்தது என்பது தெரியும். அவர் கேட்டார், மகன் உண்மையைச் சொன்னார், அவர் எழுதினார். அப்படிச் சொன்னதற்காக மகனைப் பாராட்டத்தான் வேண்டும். "இப்பத்தான் ஆரம்பிச்சுது சிஸ்டர்" என்று மறைத்திருந்தால் டாக்டரின் கணக்கே தப்பாகியிருக்கும்.

பிறகு என்ன நடந்தது? டாக்டர் பாராசிட்டமால் கொடுத்தார். மறு கையிலிருந்து புதிதாக இரத்த மாதிரி எடுத்தார்கள். 12.20க்குச் சிறுநீர் கழித்தார். சுமார் 200 மில்லி, வழக்கமான மஞ்சள் நிறம் என்று நர்ஸ் எழுதியிருக்கிறார். சிவப்பாகவோ காப்பி நிறமாகவோ இல்லை என்பது அந்த இரவில் பெரிய நிம்மதி. அந்தச் சிறுநீர், புது இரத்த மாதிரி, மீதமிருந்த பை, அதோடு இருந்த டியூப் எல்லாம் இரத்த வங்கிக்குப் போயின. ஆம், அந்தப் பை குப்பைக்குப் போகவில்லை. நாம் "வீணாக்கிவிட்டார்கள்" என்று சொன்ன அந்த இரத்தம்தான் சாட்சியாக ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

அதன் பிறகு வெப்பமும் நாடியும் அடுக்கடுக்காக எழுதப்பட்டிருந்தன. 12.10க்கு 101.4. 12.45க்கு 100.2. அதிகாலை 1.30க்கு 99, நாடி 94. நோயாளி உறங்குகிறார். அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரத்த வங்கியின் பதில் மறுநாள் வந்தது. பெயரும் எண்ணும் பொருந்துகின்றன. பெரியவரின் பிரிவும் பையின் பிரிவும் மறுபடி சோதித்ததில் சரி. புது மாதிரியில் இரத்த அணுக்கள் உடைந்த அடையாளம் இல்லை. அணுக்களின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனையிலும் ஒன்றும் இல்லை. பையில் கிருமி வளர்கிறதா என்ற சோதனைக்குச் சில நாட்கள் ஆயின. அதிலும் ஒன்றும் வளரவில்லை. ஆக, அது இரத்தம் ஏற்றும்போது வரும் சாதாரணக் காய்ச்சல் வகை என்று முடிவு செய்தார்கள். வெப்பம் 100.4க்கு மேல் போய், முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 2 டிகிரி கூடி, வேறு காரணம் எதுவும் கிடைக்காதபோது இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும் தள்ளிய பிறகே இதைச் சொல்ல முடியும்.

காரணம் என்ன? பையில் உள்ள சிவப்பணுக்களோடு கொஞ்சம் வெள்ளையணுக்களும் இருக்கும். பை குளிரில் இருக்கும் நாட்களில் அவற்றிலிருந்து காய்ச்சலை உண்டாக்கும் பொருட்கள் கசியும். மேலும், முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்களுக்கும், அந்நிய வெள்ளையணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் உடலில் ஏற்கெனவே இருக்கக்கூடும். இந்தப் பெரியவருக்கு முன்பு இரண்டு தடவை இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதை இந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

ஆகவே, இரத்தம் கொடுத்த பிள்ளையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைவிட ஒன்று சொல்லுகிறோம். நம் பிள்ளை போய்க் கொடுத்த இரத்தம் பெரும்பாலும் அதே நோயாளிக்கு அன்றே ஏறுவதில்லை. அதை எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதித்து, பிரித்து, குளிரில் வைக்கிறார்கள். நோயாளிக்குப் பொருத்தம் பார்த்து, ஏற்கெனவே தயாராக இருக்கும் பையைத் தருகிறார்கள். அந்த இரவு ஏறிய பை நம் பிள்ளையுடையதே இல்லை என்று பை எண்ணைப் பார்த்து இரத்த வங்கியில் உறுதிப்படுத்தினார்கள். கடைத்தெருவில் பேசியவர்கள் அந்தப் பிள்ளையிடம் ஸலாம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு எதிர்விளைவையும் நாடு முழுவதிலுமிருந்து திரட்டும் திட்டம் 2012ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று நம் நாட்டில் தொடங்கப்பட்டது. நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் பொருட்கள் நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. நர்ஸ் எழுதிய நேரங்களும் அளவுகளும்தான் அந்தப் படிவத்துக்கு மூலம்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவருக்கு இன்னொரு பை ஏற்றினார்கள். இந்த முறை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே முன்பு காய்ச்சல் வந்த விவரம் இருந்தது. வெள்ளையணுக்கள் நீக்கிய இரத்தம் கேட்டு வாங்கினார்கள். மெதுவாக ஓட்டினார்கள். ஒரு சிரமமும் இல்லாமல் ஏறி முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன என்று மருத்துவரிடமும் அந்த நர்ஸிடமும் கேட்டு வந்ததைச் சொல்லி முடிக்கிறோம்.

இரத்தம் ஏற்றச் சொன்னவுடன், முன்பு எப்போதாவது ஏற்றியிருந்தால் அதையும், அப்போது காய்ச்சலோ அரிப்போ வந்திருந்தால் அதையும் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். பை தொடங்கிய நேரத்தைத் துணைக்கு இருப்பவர் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரத்தம் ஏறும் கை போர்வைக்குள்ளோ துப்பட்டிக்குள்ளோ மறைந்திருக்க வேண்டாம். ஊசி போட்ட இடமும் கையில் வரும் தடிப்பும் நர்ஸின் கண்ணில் பட வேண்டும். கூச்சமாக இருந்தால் திரை போடச் சொல்லிக் கேளுங்கள்.

குளிர், நடுக்கம், அரிப்பு, மூச்சு முட்டல், நெஞ்சுவலி, இடுப்புவலி, இனம் தெரியாத பயம், இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். போர்வை பிறகு போர்த்தலாம். டியூபில் உள்ள சக்கரத்தை நாமே திருகி வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. லேசான அரிப்பு மட்டும் என்றால், மருந்து கொடுத்து அதே பையைத் தொடரலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். அந்த முடிவு நம்முடையது இல்லை.

ஏறி முடிந்தவுடன் கவலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கருத்த சிறுநீர் தெரிந்தால், இரத்தம் ஏற்றியதைச் சொல்லி உடனே காட்டுங்கள். தாமதமாக அணுக்கள் உடைவதும் உண்டு. எதிர்விளைவு ஏதாவது வந்திருந்தால், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மருத்துவமனைக்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி.

நம் அலுவலகத்தில் இரத்தம் கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கும் படிவத்தில் இந்த மாதம் முதல் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: "நோயாளிக்கு முன்பு இரத்தம் ஏற்றியதுண்டா? அப்போது என்ன நடந்தது?" மறக்காமல் நிரப்பித் தாருங்கள்.

அந்த நர்ஸிடம் திரும்பிப் போய், புகார் சொல்ல வந்தவர்கள் நாங்கள் என்று உண்மையைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவர், "பரவாயில்லை ஐயா. அடுத்த தடவை உடனே கூப்பிடச் சொல்லுங்க, அது போதும்" என்றார். அதைச் சொல்லத்தான் இன்று உங்களை அழைத்தோம்.

வஸ்ஸலாம்.